எல்லா பக்கெட்டுக்கும் ஒரே பூட்டு

கணவனிடம் அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்களுக்காகக் கிள்ளானில் ஒரு காப்பகம் இருக்கிறது. எந்தச் சாலை என்று எழுதமாட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கிளவுட் வேலை. சனிக்கிழமைகளில் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலேறிப் போய், காப்பகத்தின் கணினி வேலைகளைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொடுப்பேன். போகத் தொடங்கி வெகுகாலம் கழித்து, ஒருநாள் என் சொந்தத் தங்கையே ஒற்றைப் பையோடு அந்த வாசலில் வந்து நின்றாள். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருந்த கணவன் வீட்டிலிருந்து கிராப் டாக்சி பிடித்து வந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. அது மாமியார் கையில் இருந்தது.

அங்கே வரும் ஒவ்வொரு பெண்ணின் காயத்தையும் படம் எடுத்து வைப்பார்கள். வழக்குக்கு வேண்டும். அந்தப் படங்களெல்லாம் கிளவுடில் ஒரு பக்கெட்டில் இருந்தன. கோப்புகளைப் போட்டு வைக்கிற இடத்துக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். காப்பகத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட அங்கிள் அதை மலாயில் பால்டி என்பார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர், ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதை விடவேமாட்டார். நன்கொடை விருந்துக்கான போஸ்டரை ஒரு பக்கெட்டில் போட்டு, பொதுவில் திறந்துவிட்டு, இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருமுறை போஸ்டரைப் படங்கள் இருந்த பக்கெட்டில் போட்டு, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, பொதுவில் திறந்துவிட்டார். அன்று மதியம்வரை, உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பார்க்கும்படி அந்தப் பெண்கள் இணையத்தில் கிடந்தார்கள். நான் தற்செயலாகப் பார்த்து மூடினேன். யாரும் திறந்து பார்த்ததாகப் பதிவில் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பதிவை வரி வரியாக இரண்டு தடவை படித்தேன்.

அந்த ஒரு பக்கெட்டை மட்டும் பூட்டியிருக்கலாம். நாளைக்கு அங்கிள் புதிதாக இன்னொன்று உண்டாக்குவார், அதை யார் பூட்டுவது? அதனால் பொது அணுகலைக் காப்பகத்தின் கிளவுட் கணக்கு மட்டத்திலேயே தடுத்தேன். அப்படிச் செய்தால் அந்தக் கணக்கில் இருக்கிற பக்கெட், இனி வரப்போகிற பக்கெட் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஒரு பக்கெட்டின் சொந்த விதி 'எல்லோரும் பார்க்கலாம்' என்று சொன்னாலும் செல்லாது, மேலே இருக்கிற தடைதான் ஜெயிக்கும். ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கவும் வழியில்லை. தடையை எடுக்கும் அதிகாரத்தை என் லாகினுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். போஸ்டர்களை வேறு கணக்குக்கு மாற்றினேன். வக்கீலுக்குப் படம் வேண்டுமென்றால், சில நாளில் தானாகச் செத்துப்போகிற தற்காலிக இணைப்பை நானே உண்டாக்கி அனுப்புவேன்.

தங்கையின் படங்களும் அதற்குள்தான் போயின. அவளை நான் படம் எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. காப்பகத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா எடுத்தார். நான் பெயருக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு ஏற்றினேன். தோளைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

கணவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டுக் கிள்ளான் நீதிமன்றத்தில் மனு போட்டோம். அந்த உத்தரவு கையில் இருந்தால் பிள்ளையைக் கேட்க வழி பிறக்கும் என்று வக்கீல் சொன்னார். தங்கை அதை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வக்கீலுக்கு முன்கூட்டியே இணைப்பை அனுப்பி, உடனே இறக்கி வையுங்கள் என்றும் எழுதினேன். அவர் இறக்கவில்லை. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வழக்கு நாளில் நான் சைபர்ஜெயாவில் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறைக்குள் இருந்தேன். கைப்பேசியை வாசலில் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. கூட அந்த அக்கா போயிருக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே வந்து கைப்பேசியை வாங்கினால், திரை முழுக்க அங்கிள் அழைத்த அழைப்புகள்.

"மா, வக்கீல் கேக்குறாரு. லிங்க் செத்துப்போச்சாம். நானும் காலையிலேருந்து பப்ளிக் ஆக்கிப் பாக்குறேன், அனுமதி இல்லைன்னே வருது லா. புது பால்டி போட்டு அதுல காப்பி பண்ணியும் பாத்துட்டேன். அதுவும் விட மாட்டேங்குது. நீ அந்தப் பூட்டை ஒரு பத்து நிமிசம் எடுத்துடேன் மா. உன் தங்கச்சி நம்ம பிள்ளைதானே."

கையில் கைப்பேசி இருந்தது. நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். தற்காலிக இணைப்பு உண்டாக்கும் நிரல் மட்டும் என் வீட்டுக் கணினியில் இருந்தது. எடுத்தால் பழைய திறப்புகளும் அதோடு உயிர்பெறும். தடை அவற்றை அழிப்பதில்லை, செல்லாமல் மட்டும் வைக்கும். காலையிலிருந்து அங்கிள் புதிதாக என்னென்ன செய்து வைத்திருக்கிறாரோ தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே நிற்கப்போவது என் தங்கை மட்டுமல்ல.

"முடியாது அங்கிள். அந்தப் படத்துக்கு மேலேயே டவுன்லோட்னு ஒரு பட்டன் இருக்கும், பாருங்க. அதை அமுக்குங்க. பிரிண்ட் எடுத்துட்டு மோட்டோ சைக்கிள்ல போயிடுங்க."

மறுமுனையில் மவுஸைத் தேடித் தேடிச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இங்கேயேதான் இருக்கு மா," என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கிள் படங்களைத் தாள் உறையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வழக்கைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆதாரம் கையில் இல்லாததால் வக்கீலே வேறு தேதி கேட்டுவிட்டாராம். வெளியே தாழ்வாரத்தில் மாமியார் பிள்ளையோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. பிள்ளையைத் தங்கை மடியில் வைத்துவிட்டு, "ராத்திரியெல்லாம் உன்னைத்தான் தேடுது," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு உத்தரவு கிடைத்திருந்தால் சமாளித்திருப்பாளோ என்னவோ. தள்ளிப்போனதும் தங்கைக்குத் தெம்பெல்லாம் விட்டுப்போயிற்று.

எனக்கு ஒரு செய்தி வந்தது. 'அக்கா நான் வீட்டுக்குப் போறேன். கோவிச்சுக்காத.'

கோபம்தான் வந்தது. அவள்மேல், வக்கீல்மேல், அங்கிள்மேல், என் கைப்பேசியைப் பூட்டிய காவலாளிமேல். சைபர்ஜெயா கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கத்தி அழுதேன். பூட்டை எடுக்காதது சரிதான், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. சரியாகச் செய்தோம் என்கிற நினைப்பு எனக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை.

அடுத்த கூட்டத்தில், அவசரத்துக்கு அந்தத் தடையை எடுத்துவிடலாமா என்று காப்பகத்தின் தலைவி கேட்டார். முன்னாள் தலைமையாசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்காகவே கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றேன். அன்றைக்கே அங்கிளை என் பக்கத்தில் உட்காரவைத்து, தற்காலிக இணைப்பு எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டார்.

தங்கை பல வாரம் பேசவில்லை. ஒரு நாள் காலையில் அழைத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறாள்.

"அக்கா, என் படமெல்லாம் அழிச்சிட்டியா?"

"இல்லை. அழிக்கணுமா?"

"வேணாம். யாராச்சும் பாக்க முடியுமா?"

"முடியாது. வெளியிலேருந்து யாராலயும் முடியாது."

"அவருக்குத் தெரிஞ்சவங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க?"

"நான் பூட்டி வச்சிருக்கேன்மா. முடியாது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை ஏதோ கேட்டது, அதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தாள்.

"அப்போ இன்னும் ஒன்னு அனுப்புறேன்," என்றாள். "அதையும் உள்ள வச்சுடுக்கா."