எங்கள் டவரில் கரண்ட் இருந்தது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மேற்கே ரோட்டோர செல்போன் டவருக்கு நான் வாட்ச்மேன். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். அது இறங்குவதற்குள் ஜெனரேட்டர் போட வேண்டும். டீசல் என் பொறுப்பு.

டவரை வைத்தது பேட்டைக் கம்பெனிகளுக்காக. எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், நடுவே தைலமரத் தோப்பு. ஊருக்கு வரும் சிக்னல் மிச்சம் மீதிதான்.

அந்தக் கோடையில் மத்தியானங்களில் அதுவும் நின்றது. நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு அடங்கும். மாடி வீட்டுக்காரர் சூப்பர்வைசருக்கே சொல்லிவிட்டார்.

"டீசல வித்துட்டு சும்மா குந்திக்கினு கீறான் சார்."

சூப்பர்வைசர் வந்து டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. குச்சியை மோந்து பார்த்தார்.

"தண்ணி கலந்துட்டியா? இன்னொரு வாட்டி நின்னா வேற ஆளுதான்."

மாடி வீட்டுக்குப் போனோம். புதுக் காங்கிரீட் வீடு, சுவர் முழ அகலம். உள் அறையில் போன் செத்துக் கிடந்தது.

"பாருங்க சார், இப்பக்கூட இல்ல."

அவரை வாசலுக்கு வரச் சொன்னேன். சிக்னல் இரண்டு கோடு வந்தது.

"இந்தச் சொவருக்கு நான் இன்னாங்க பண்றது?"

"மத்தியானம் வாசல்லயும் இல்லியே, அதுக்கு இன்னா சொல்ற?"



மறுநாளிலிருந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். சிக்னல் போன நேரம், கரண்ட் இருந்ததா என்பது. மூன்று நாளும் சிக்னல் செத்த நேரம் என் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

டவர் மேலே முரசு மாதிரி ஒன்று கிழக்கே பார்த்து இருக்கும். நம் பேச்செல்லாம் அது வழியாகப் பேட்டை டவருக்குப் போய், அங்கிருந்துதான் கேபிளில் இறங்கும், அது நின்றால் இதுவும் நிற்கும் என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் சிக்னல் போனதும் சைக்கிளை எடுத்தேன்.

பேட்டையில் கரண்ட் இல்லை; அந்தக் கோடையில் அங்கே தினமும் மத்தியானம் கட். அந்த டவரின் வாட்ச்மேன் வேப்பமர நிழலில் இருந்தார். பேட்டரி பழசு, அரை மணிகூடத் தாங்காதாம்.

"ஜெனரேட்டர்?"

"ஸ்டார்ட்டர் போயி ஒரு மாசம் ஆவுதுப்பா. நம்ம சூப்பர்வைசராண்ட அன்னிக்கே சொல்லிட்டேன்."

பேட்டையில் வேறு டவர்கள் உண்டு. அதனால் அங்கே யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த முறை சூப்பர்வைசர் குச்சியோடு வந்தார். தாளைக் காட்டினேன்.

"அங்க ஸ்டார்ட்டர் எப்ப சார் மாத்துவீங்க?"

குச்சியைக் கீழே வைத்தார்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத."

அந்த வாரமே ஸ்டார்ட்டர் மாற்றினார்கள். மத்தியானத்திலும் சிக்னல் விடாமல் வந்தது. வேலை போகவில்லை. தாளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சூப்பர்வைசரை நம்புவதற்கில்லை.

டீக்கடையில் மாடி வீட்டுக்காரர் என் காதுபடவே சொன்னார்.

"ஒரு போன் போட்டேன். பயந்துட்டான். இப்ப ஒழுங்கா டீசல் ஊத்தறான் பாரு."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.