கூடாதம்மாவின் கையொப்பம்

பதினேழு ஆண்டுகளில் அவள் தமிழாக்கிய மருத்துவக் கருவிக் கையேடுகள் நூற்றுக்கும் மேல். அந்தக் கருவிகளில் ஒன்றுகூட அவள் வீட்டில் இல்லை. ஆனாலும் அத்தனையையும் சுத்தம் செய்த அனுபவம் அவள் கணவருக்கு உண்டு. எழுதியபடி செய்ய முடிகிறதா என்று பார்க்க, டி.வி. ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வரி வரியாக வாசிப்பாள்.

இந்த முறை வந்தது, தோலில் பட்டைகளை ஒட்டி மின்துடிப்பால் வலியைக் குறைக்கும் கருவி. ‘அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் துடைக்கவும்’ என்று வாசித்தாள். சொட்டச் சொட்ட ஒரு துணியோடு வந்து நின்றார் மனிதர்.

“ஈரத் துணின்னுதானே சொன்னே? இது ஈரமாத்தான் இருக்கு.”

கருவிக்குள் தண்ணீர் போனால் அவ்வளவுதான். ‘நன்றாகப் பிழிந்த ஈரத் துணி’ என்று மாற்றினாள். மூலத்தில் இல்லாத ‘பிழிந்த’ எங்கிருந்து வந்தது என்று தயாரிப்பு நிறுவனம் கேட்டபோது, அவளுக்காக வாதாடி ஜெயித்தவர் கத்திரியக்கா. மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுடைய பிரதியைச் சரிபார்ப்பவர் அவர்தான். நீண்ட வாக்கியத்தைக் கண்டால் வெட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். எதற்கெடுத்தாலும் ‘கூடாது’ என்று எழுதுகிறவளுக்குக் ‘கூடாதம்மா’ என்று பெயர் வைத்ததும் அவரே. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, பகிர்ந்துண்ணும் மதியச் சோறு.

கருவி யாருக்கெல்லாம் ஆகாது என்று சொல்லும் பகுதிக்கு அகராதி தரும் பெயர் ‘முரண் அறிகுறிகள்’. யாருக்குப் புரியும்? அந்தப் பகுதிக்கு அவள் ‘யார் பயன்படுத்தக் கூடாது’ என்று தலைப்பிட்டாள். முதல் வரி, இதயமுடுக்கி, அதாவது பேஸ்மேக்கர், பொருத்தப்பட்டவர்கள். எச்சரிக்கை என்றால் கவனத்தோடு பயன்படுத்தலாம். இது அப்படியல்ல, தொடவே கூடாது. மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அவளுடைய தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு ஒத்துப்போயிற்று. மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதிமொழியில் அவள் கையொப்பமிட்டாள். கோப்பு, கருவியை விற்க அனுமதி தரும் அரசு ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போயிற்று.

சில வாரங்களில் அங்கிருந்து கேள்வி வந்தது. மூலத்தில் தடை, தமிழில் வெறும் அறிவுரை. ஏன் என்று விளக்கவும். மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று ஒரு விளக்கம் எழுதிக் கையொப்பமிடும்படி மொழிபெயர்ப்பு அலுவலக மேலாளர் சொன்னார். தன் கைதான் தவறிவிட்டதோ என்று பார்க்க, சமர்ப்பித்த கோப்பைத் திறந்தாள். ‘இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது.’ அவள் எழுதாத வரி. கீழே அவள் கையொப்பம்.

இறுதிப் பிரதியில் கைவைக்க அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை. நாற்காலியைப் பக்கத்து மேசைப் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, இந்த வரியை யாரு மாத்துனது?”

கத்திரியக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான்தான்.”

சமர்ப்பிப்பதற்கு முன், கருவியை விற்கப்போகும் உள்ளூர் நிறுவனத்துக்குக் கையேடு பார்வைக்குப் போனபோது, ‘கூடாது’ முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது என்று அதன் விற்பனை மேலாளர் முகம் சுளித்தாராம். கத்திரியக்கா இறங்கிப் போய் வரியை மாற்றிவிட்டார். அதற்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கும் வேலை முடிந்திருந்தது. மாற்றிய பின் மறுபடி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. பழைய உறுதிமொழியே புதிய கோப்பில் ஏறிக்கொண்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஒத்துக்குவியா? நீதான் கூடாதம்மா ஆச்சே.”

எத்தனையோ மதியங்களில் அவளைச் சிரிக்கவைத்த பெயர். இன்று சுருக்கென்று தைத்தது.

“‘நல்லது’ன்னு படிக்கிறவங்க, ஒருதடவை போட்டுத்தான் பாப்போமேன்னு நினைக்க மாட்டாங்களாக்கா?”

“அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாருடி. பிழை யாருக்கும் வரும். கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடு. எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான்.”

துணிக்காக அவ்வளவு மல்லுக்கு நின்றவர். விற்பனை மேலாளர் யாரோ ஒருவர். அவர்மீது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

“பிழைன்னா அது நான் பண்ணதா இருக்கணும்க்கா.”

அன்று மதியம் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. தன்னுடைய பிரதியையும் சமர்ப்பித்த பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்து, எது எப்போது மாறியது என்று எழுதி, தயாரிப்பு நிறுவனத்தில் சமர்ப்பிப்பைக் கவனிக்கும் அதிகாரிக்கு அனுப்பினாள். கடைசி வரி: ‘திருத்தப்படும் வரை இந்தக் கோப்பில் என் கையொப்பம் செல்லாது.’

கையேட்டில் ‘கூடாது’ திரும்பி வந்துவிட்டது. கோப்பு இனி வேறொரு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போகிறது. உறுதிமொழியில் கையொப்பமிடப்போவது வேறொருவர். மேலாளரைக் கேட்காமல் நேரே எழுதிய இவளுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை இல்லை.