பதினோரு அக்டோபர்

சிலுவையம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். விடியும்போதே காசிமேட்டுக்குப் போய் இறால் உரித்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பாட்டு வந்தால் நிலையத்தை மாற்றுவார். யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பங்குத் தேவாலயத்தின் மடலில் மாதம் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் வரும். எழுதுவது நான். திருத்திப் பார்ப்பது வில்சன் சார், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லறைத் திருநாள் மடலுக்குச் சிலுவையம்மாள் என்றதும் மூக்கால் உறுமினார். அந்த உறுமலை நான் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன்.

"ம்ம்ஹ்ம்... பொறப்பு, கல்யாணம், வேல எல்லாம் வரணும். அந்தப் பதினோரு வருஷத்துக்கு ஒரே ஒரு பத்தி. அதுக்கு மேல எடமில்ல தம்பி."

அந்தப் பதினோரு வருடம் இதுதான்: 2014 அக்டோபரில் அவருடைய கணவர் அருள்நாதன் விசைப்படகில் போனார். போன ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

முதலில் எழுதியதை, ஃபாதர் பிரசங்கம் வைக்கிற குரலில் சிலுவையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "ஆண்டுகள் பதினொன்று... உருண்டோடின!"

"இன்னாது, ஓடிச்சா?" என்றார். "எனுக்கு ஒரு நாளு கூட ஓடலியே. நீ பார்த்தியா ஓடுனத?"

சரியென்று அவர் சொன்னதையெல்லாம் கொட்டி இரண்டாவதாக எழுதினேன். புயல், மகள் கல்யாணம், கோர்ட்டு, பூசை எல்லாம் இருந்தது. நடுவில், 'ஏழு ஆண்டுகள் காத்திருந்து, கணவர் இறந்ததை ஏற்றுக்கொண்டு, அவருக்காகப் பூசை வைத்தார்' என்று ஒரு வரி. இரண்டு வரிக்குப் பிறகுதான், 2019இல் நடந்த மகள் கல்யாணம்.

சிலுவையம்மாளின் முகம் மாறிவிட்டது.

"நான் எங்கடா ஏத்துக்கினேன்? கவர்மெண்ட்டு ஏத்துக்கிச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே அவர முடிச்சிட்டுகீறே! இத்த இந்த சந்து பூரா படிக்கும். புருசன அவசரமா அனுப்பிட்டா பாருன்னு பேசும்."

எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் போட்டார். பங்கு அலுவலகத்தில் எதற்காகப் பூசை என்ற கருத்தை எழுதிக்கொடுத்தால் தரும் சீட்டுகள், வருடத்துக்கு ஒன்று. தேதி பார்த்து அடுக்கினேன். பத்துச் சீட்டில் ஒரே கருத்து: 'அருள்நாதன் பத்திரமாகத் திரும்பி வர.' காணாமல் போய் ஏழு வருடம் கடந்ததால், அவர் இறந்தவர் என்று கோர்ட்டு 2022 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மூன்று சீட்டு அப்படியேதான் இருந்தது. இந்த வருடச் சீட்டில் மட்டும், இறந்தவர்களுக்கு எழுதுகிற கருத்து: 'ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

என் வரி அந்த மூன்று வருடத்தை விழுங்கியிருந்தது.

"இந்த வருசம் மட்டும் ஏன் மாத்துனே, அத்தே?"

கடைசிச் சீட்டை விரலால் தடவினார். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "மாமா எப்டி பேசுவாரு? சொல்லு, அப்டியே பேசிக் காட்டுறேன்" என்றேன்.

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"கொரலு வர மாட்டேங்குது நைனா. போன வருசம் வரிக்கும் காதுல இருந்துச்சு. இப்போ மூஞ்சி கீது, கொரலு இல்ல." சீட்டுகளை வாங்கிக்கொண்டார். "இத்தயும் மடல்ல போடு."

மூன்றாவதாக எழுதியது இது:

'2014 அக்டோபரில் கடலுக்குப் போன அருள்நாதன் திரும்பவில்லை. அடுத்த அக்டோபரில், அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமென்று சிலுவையம்மாள் பூசை வைத்தார். பிறகு ஒவ்வோர் அக்டோபரும் வைத்தார்: வர்தா புயலில் கூரை பறந்த வருடமும், 2019இல் மகள் டெபோராவைத் தனியாக நின்று கட்டிக்கொடுத்த வருடமும், முகக்கவசத்தோடு கோயிலுக்கு வந்த வருடமும். 2022இல் நீதிமன்றம் அருள்நாதனை இறந்தவர் என்றது. அந்த அக்டோபரிலும் சிலுவையம்மாள் பழைய கருத்தையே எழுதிக்கொடுத்தார். அடுத்த இரண்டு அக்டோபரும் அதுவே. இந்த வருடம் கணவரின் குரல் ஞாபகத்துக்கு வரவில்லை. பதினோராவது பூசையை ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதச் சொன்னார்.'

வில்சன் சார் இரண்டு முறை படித்தார். உறுமவில்லை. "இருக்கட்டும்" என்றார்.

மத்தியானம் சிலுவையம்மாளிடம் கொண்டுபோனேன். தட்டில் சோறு, பக்கத்தில் ரேடியோவில் யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் குரலிலா சார் குரலிலா என்று யோசித்து, கடைசியில் என் குரலிலேயே படித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கேட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து ரேடியோவை நிறுத்தினார்.

"இன்னோரு தபா படி" என்றார்.