அஜெண்டாவில் இல்லாத தீர்மானம்

திண்டிவனத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கத்தின் முதல் பொதுக்குழுக் கூட்டத்துக்கு அஜெண்டா எழுதியவள் நான்தான். தினமும் ரயிலேறி விழுப்புரத்துக்குப் போய் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சங்க விதிகளை ஏற்பது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, கடைசியாகத் தலைவர் அனுமதியுடன் பிற விஷயங்கள். நோட்டீஸோடு வீடு வீடாகக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் முதல் மாடிக்காரரைத் தலைவராகவும் என்னைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தார்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். வங்கித் தீர்மானமும் முடிந்து ஆட்கள் எழ ஆரம்பித்தபோது, அழைப்பின்பேரில் வந்திருந்த பில்டரின் மேனேஜர் எழுந்தார்.

"பொது எடம் எல்லாத்தையும் நல்ல நெலமையில வாங்கிக்கினோம்னு ஒரு தீர்மானம் போட்ருங்க. பிற விஷயத்துல வந்துடும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "எழுதிடும்மா, ஜல்தியா முடிச்சிடலாம்."

பேனா நகரவில்லை. மழை பெய்தால் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரியும்; நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் பில்டரைக் கேட்க முடியாது. ஆனால் தலைவர் சொல்லி முதல் நாளே மறுப்பதா?

பின்வரிசையில் எதிர்வீட்டு அக்கா எழுந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் குவைத்தில்.

"இது அஜெண்டாவுல இல்லியே?"

"உங்க வீட்டுக்காரர் லெட்டர் எதுனா குடுத்துருக்காரா, பேசறீங்க?" என்றார் மேனேஜர்.

"பத்திரம் என் பேர்ல இருக்குங்க. ஓட்டும் எனுதுதான். நீங்கதான் இங்க மெம்பர் இல்ல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் குரல் வந்தது. "வராதவங்களுக்கு இப்படி ஒரு தீர்மானம் வருதுன்னே தெரியாது, சார். நோட்டீஸ்ல இல்லாதத நான் தீர்மானம்னு எழுத மாட்டேன்."

தலைவர் முகம் சிவந்தது. "மொத நாளே பேஜாரு பண்றியேம்மா" என்றவர், மினிட்ஸ் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "செரி, என்னான்னு எழுதுவ?"

"மேனேஜர் வற்புறுத்தினார். இன்ஜினியரை வச்சுப் பார்த்துட்டு அடுத்த பொதுக்குழுவுல வைக்கணும். அப்படித்தான்."

"வற்புறுத்தினார் வாணாம். கேட்டுக்கொண்டார்னு போடு. நாளைக்கி அந்தாளு மூஞ்சில முழிக்கணும்."

இதற்கு மேல் இழுத்தால் கையெழுத்தே போட மாட்டாரோ என்று பயந்து மாற்றிக்கொடுத்தேன். போட்டார். மேனேஜர் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. மினிட்ஸைப் படமெடுத்து வைத்திருந்த போனைத் திறந்து திறந்து பார்த்தேன். 'கேட்டுக்கொண்டார்' ஒவ்வொரு தடவையும் உறுத்தியது. விழுப்புரத்தில் இறங்கும்போது அக்காவிடமிருந்து அழைப்பு.

"இன்ஜினியர் ஒருத்தரப் புடிச்சிட்டேன். எப்ப வரச் சொல்லட்டும்?"

"நிர்வாகக் குழுவக் கேட்டுட்டுச் சொல்றேங்க்கா" என்றேன். நேற்றைக்குப் பிறகு தலைவரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே ஸ்டேஷன் மேம்பாலத்தில் படியேறினேன்.