தனசிங்குக்கு மறுபடியும் வாந்தி வந்த நாள்

கோத்தகிரி மலைப்பாதை பஸ்ஸில் தனசிங் பன்னிரண்டு வருடமாகக் கண்டக்டர், நான் டிரைவர். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் கண்டக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் சட்டைப் பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன் அவன் உடம்பை விசாரிப்பார்கள்.

போன வருடம் சிறுநீரகத்தில் கிருமி தொற்றிப் படுத்துவிட்டான். பிழைப்பானா என்றிருந்தது. நாள் தவறாமல் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். வேலைக்குத் திரும்பியதும் எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எறிந்தான்.

"அண்ணா, வாந்தியே வரலீங்க! ஊசி எல்லாத்தையும் சரி பண்ணிருச்சு."

நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டு மடையர்கள்.

ஒரு மாதம் கழித்து அரவேணு ஸ்டாப்புக்கு முன்னால், எஸ்டேட் வேலைக்குப் போகும் பொன்னாயி பின்னாலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். வண்டி பள்ளத்தில் குலுங்கி ஊர்ந்துகொண்டிருந்தது. படியில் நின்று அவளை நேராகப் பார்த்துக்கொண்டே தனசிங் இரட்டை விசில் கொடுத்தான். நான் வண்டியை விரட்டினேன்.

மறுநாள் அவள் பொரிந்து தள்ளினாள். "ஏனுங்க, அத்தனை பெரிய ஆளாயிட்டீங்களா? மூஞ்சியப் பாத்துட்டே போறீங்க!"

புகார் டிப்போவுக்குப் போனது. இன்னொன்று வந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்கார வைப்பேன் என்றார் மேனேஜர். ஜனங்களைப் பார்க்காமல் தனசிங்கால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

"வண்டி ஓடறப்ப மூஞ்சி, போர்டு எல்லாம் குதிக்குதுங்கண்ணா" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்து கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். கண் பிரமாதம் என்று சர்ட்டிபிகேட் வந்தது. ஆகவே திமிர்தான் என்று டிப்போ முடிவு கட்டியது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கண்ணில் இல்லையென்றால் தலைச்சுற்றாக இருக்குமோ என்று காது டாக்டர் ஜீவிதாவிடம் இழுத்துப் போனேன். அவர் எதிரே உட்கார்ந்து தன் மூக்கையே அவனைப் பார்க்கச் சொல்லி, அவன் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். கண்ணும் தலையோடு போய்விட்டு, பிறகு துள்ளி அவர் மூக்குக்குத் திரும்பியது. எனக்குச் செய்தபோது என் கண் மூக்கை விட்டு நகரவில்லையாம்.

"தலை திரும்பறத உள்காதுதான் கண்ணுக்குச் சொல்லும். உடனே கண்ணு அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பும். அதனாலதான் பாக்கறது ஆடாம நிக்குது. உயிரைக் காப்பாத்தின ஊசி உங்க உள்காதைக் கெடுத்துருச்சு. பஸ்ல வாந்தி வர்றதுக்கும் அந்த உள்காது வேலை செய்யணுங்க."

தனசிங் முகம் செத்துப்போனது.

ஒரு எழுத்தைச் சுவரில் ஒட்டி, அது கலையாமல் தெரியும்படி தலையை இடமும் வலமும் ஆட்டிப் பழகச் சொன்னார். ஓரளவு சரியாகலாம், உறுதி இல்லை என்றார். டிப்போ சுவரைப் பார்த்து அவன் தினமும் தலையாட்டினான். லீவு கேட்டால் மேனேஜர் ஆட்டுவது போலவே இருக்கிறது என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, அரவேணு வளைவில் "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினான். இறங்கி ஓடி, சாக்கடையோரம் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தான். ஏறினான். வண்டி குலுங்கிக் கிளம்பியது.

"அண்ணா, அங்க பொன்னாயிக்கா நிக்கறாங்க! மூக்குத்திகூடத் தெரியுது!"

ஒற்றை விசில் ஊதினான். ஏறிய பொன்னாயி அவன் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "என்னுங்க, மறுபடியுமா?"

"மறுபடியுந்தானுங்கக்கா!" கண்ணில் நீர் வழியச் சிரித்தான். "எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்க."