ஐந்து மாத்திரை மிச்சம்

துணி ஆலையில் முப்பது வருஷம் துணியில் குறை பார்த்தவள் அவள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் குறை பார்க்கத் துணி இல்லை, புருஷன்தான் இருந்தார். எதையும் அவள் லேசில் நம்பமாட்டாள். பால் பாக்கெட்டைக் கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

பஸ் ஓட்டிக் கொண்டிருந்த அவருக்குப் போன வருஷம் வலிப்பு வந்தது. தினமும் மூன்று மாத்திரை, ஒன்றைக்கூட விடக் கூடாது என்றார் டாக்டர். இன்னொரு தடவை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைப் பார்ப்பாள்.

தொண்ணூறு மாத்திரை வாங்கிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அட்டைகளை எண்ணினாள். மகள் போனில் போட்டுக் கொடுத்த, கேட்டால் பதில் எழுதும் செயலியைத் திறந்து, வெறும் கணக்கை மட்டும் தட்டினாள்: 90 - 3 × 18.

“36. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமானால் கேளுங்கள்” என்று வந்தது.

பதில் சரி. கூட வந்த அந்த ஒரு வரிதான் அவளுக்கு உறுத்தியது. “கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வாயை மூடிட்டுப் போகாம, என் வாயைக் கிளறப் பாக்குதா?” போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அட்டையில் நாற்பத்தொன்று இருந்தது. ஐந்து அதிகம்.

“அஞ்சு மாத்திரை போடலை நீங்க. எங்க போச்சு உங்க புத்தி?”

“எல்லாம் போட்டாச்சு. இங்கயும் துணி செக்கிங்கா?” தலையைத் துவட்டிக்கொண்டே நழுவிவிட்டார்.

கோபம் தணிந்ததும் பயம் வந்தது. மகளிடம் சொன்னால் அழுவாள். போனைத் திருப்பினாள். அந்த வரி அப்படியே இருந்தது. அதன்கீழே எழுத இடமும் காலியாக இருந்தது. வேண்டாவெறுப்பாகத் தட்டினாள்: “வீட்டுக்காரர் வலிப்பு மாத்திரை. அஞ்சு மிச்சம். ஏமாத்துறார்.”

விட்டதை ஈடுகட்ட ஒரேயடியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றது அது. இன்னொன்றும் எழுதியது: “எந்த வேளை மாத்திரை விடுபட்டது, அதைப் போட்டால் அவருக்கு ஏதாவது தொந்தரவா என்று அவரிடம் கேட்டீர்களா?”

அவள் கேட்டிருக்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கணக்கு எதுவும் சொல்லவில்லை. “அதைப் போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“கை நடுங்குது. பழைய டிரைவருங்க கூடச் சீட்டாடப் போற நாள் மட்டும் மத்தியான மாத்திரையை விட்டுடுவேன். அன்னிக்கு ஒருநாள் கையில இருந்த சீட்டு பூரா கீழே கொட்டிடுச்சு. ஒருத்தரும் சிரிக்கலை. அதான் தாங்கலை.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீ எத்தனைன்னுதானே கேட்ட.”

அவள் எழுந்து டாக்டருக்குப் போன் போட்டு, போனைப் புருஷன் கையிலேயே கொடுத்தாள்.