கோமதியை வெட்டினால் வசந்தா செத்தாள்

“ரெண்டே சீன் வர்ற கோமதியைத் தூக்கிடுங்க மேடம். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.”

ஆவடி குவார்ட்டர்ஸில் மாதர் சங்க நாடகம் போடுகிறவளுக்கு முதல் எதிரி, நேரத்தை மிச்சம் பிடிக்கும் குவார்ட்டர்ஸ் கிளப் செக்ரட்டரிதான். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நாடகம் முடிந்ததும் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் சினிமாப் படம் போட வேண்டுமாம், அதற்காக என் கோமதியின் தலையைக் கேட்டார்.

ஒரே புடவை

கதை இதுதான். வசந்தாவின் புருஷன் ஃபாக்டரி விபத்தில் போய்விட்டான். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஒரு பக்கம் அவன் வேலை இவளுக்குக் கிடைக்கும்; இன்னொரு பக்கம் “வீட்டுக்கு வந்துடு” என்கிறான் அண்ணன். கோமதிக்கும் அச்சு அசலாக இதே நிலைமை. அவள் வேலையை வேண்டாமென்று அண்ணன் வீட்டுக்குப் போனவள். முடிவைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் முடிவு கண்ணில் படும். அதனால் இருவருக்கும் ஒரே நீலப் புடவை கொடுத்தேன். வசந்தாவாக நடித்த சியாமளா முகத்தைத் தூக்கினாள்.

“ஹீரோயின் நான்தானேக்கா? ரெண்டு பேரும் யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருக்கு.”

அழாத கோமதி

கோமதி வேஷம் ராஜத்துக்கு. முதல் ஒத்திகையிலேயே மூக்கைச் சிந்தி ஒப்பாரி வைத்தாள். நிறுத்தச் சொன்னேன். கோமதி அங்கே கஷ்டப்பட்டால் வசந்தா போகாததில் என்ன பெருமை? பள்ளம் தெரிந்தால் யார்தான் விலகிப் போகமாட்டார்கள்? கோமதி நிம்மதியாகச் சிரிக்க வேண்டும். வசந்தா சினிமாவுக்குக் கூப்பிட்டால், சிரித்தபடியே, “அண்ணியைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வசந்தா வேலை மனுவில் கையெழுத்துப் போடுவாள். ராஜம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அழறதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன்.”

செக்ரட்டரி கோபம்

வாய்ச்சண்டை போதுமென்று செக்ரட்டரியை உட்கார வைத்து, கடைசிக் காட்சியைக் கோமதி இல்லாமல் நடத்தினேன். “பாவம், வேற வழியில்லை, வேலைக்குப் போறா” என்று வாட்ச்சைப் பார்த்தார். கோமதியோடு மறுபடி நடத்தினேன். இந்தத் தடவை வாட்ச்சைப் பார்க்கவில்லை; எழுந்தே நின்றுவிட்டார்.

“அந்தப் பொண்ணு அண்ணன் வீட்டுல நல்லாத்தானே இருக்கா? இவளுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?”

அந்தக் கேள்விதான் சார் என் நாடகம் என்றேன். கோமதி பிழைத்தாள். படம்தான் தாமதமாக ஆரம்பித்தது.

அடுத்த வருஷம்

போன வருஷம் கைதட்டல் முழுக்க சியாமளாவுக்கு. ராஜத்திடம் வந்தது ஒரே ஒருத்தி.

“நீங்களும் மேடையில வந்தீங்க, இல்லே?”

குத்துவிளக்கில் திரியை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. எங்கள் சங்கத்தில் வசந்தாவாக நடிக்கப் பன்னிரண்டு பேர், கோமதியாக நடிக்க ஒருத்திகூட இல்லை. புது நாடகத்துக்குக் கூட்டம் கூடியதும் கேட்டேன்: “ரெண்டு சீன்தான். ஆனா அவ இல்லேன்னா கதையே இல்லை. யாராவது ஒருத்தர் கையைத் தூக்குங்களேன்.”